கேமிங் காயின் ரொட்டேஷன்: 2021 நவம்பரில் அது தொடக்கமா, கடைசிக் கட்டமா?

பரிதி · ஜூன் 3, இரவு 9.40

ஒரு துறை ஏற்கெனவே மூன்று மடங்கு ஏறிவிட்டால் "லேட், இனி தொடாதே" என்பதுதான் எல்லாரும் சொல்லும் விதி. அந்த விதி தப்பு என்பது என் வாதம். சாண்ட்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றியபோது அந்த விளையாட்டின் காயினான SAND ஒரு டாலருக்கும் கீழே இருந்தது. நான்கைந்து நாளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. "ஓடிப்போன பஸ்" என்று அப்போது ஒதுங்கியவர்கள் நவம்பர் 25 அன்று 8.40 டாலரைப் பார்த்தார்கள்.

விலை எத்தனை மடங்கு ஏறியது என்பதை வைத்து முதலா கடைசியா என்று சொல்லவே முடியாது என்று நினைக்கிறேன். பிட்காயின் விலை புது உச்சத்தில் நிற்க, மொத்தச் சந்தையில் அதன் பங்கான டாமினன்ஸ் இறங்கினால், எந்தத் துறைக்கும் அது தொடக்கம்தான் என்பது என் கணக்கு. இது சரியா? இல்லையென்றால் அன்றைக்கே வேறு எதைப் பார்த்திருக்க வேண்டும்?

கல்தச்சன் · ஜூன் 3, இரவு 10.15

இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். சுழற்சி நான்கு வருடம். 2020 மே மாதம் ஹாவிங். அதிலிருந்து 18 மாதம் எண்ணினால் 2021 நவம்பர். ஆக, கடைசி. முடிந்தது.

பரிதி · ஜூன் 3, இரவு 10.31

அண்ணே, நீங்கள் சொல்வது பிட்காயினின் சுழற்சி. நான் கேட்பது ஒரே சந்தைக்குள் பணம் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பற்றி. ரொட்டேஷன். ஹாவிங் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒரே பதிலைத்தான் தரும்.

நெய்தல் · ஜூன் 4, காலை 6.50

பரிதி, கேள்வி நல்லது. ஆனால் தவறான காயினிலிருந்து தொடங்குகிறீர்கள். 2021 கேமிங் ஏற்றத்தின் தலைவர் SAND இல்லை, AXS. ரொட்டேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும். பின்னால் வருபவர்கள் எப்போதுமே "இப்போதுதான் தொடங்கியது" என்றுதான் காட்டுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

வரிசையாகப் போட்டுப் பாருங்கள். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் உருவாக்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டியின் AXS, 2020 நவம்பரில் பைனான்ஸ் லாஞ்ச்பேடில் 10 சென்டுக்கு விற்கப்பட்டது. 2021 ஜூன் கடைசியில் நான்கு டாலர் அளவில் இருந்து ஓடத் தொடங்கியது. செப்டம்பர் 30 அன்று ஸ்டேக்கிங் திறந்தார்கள், அக்டோபர் 4 அன்று 155 டாலர் அளவுக்குப் போனது. மறுநாள் 152 மில்லியன் டாலர் முதலீட்டுச் செய்தி. நவம்பர் 6 அன்று 165 டாலர். அதுதான் இன்றுவரை அதன் உச்சம்.

அக்டோபர் 4-க்கும் நவம்பர் 6-க்கும் நடுவில் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில்தான் மெட்டா அறிவிப்பு, செய்தித்தாள்கள் எல்லாம் மெட்டாவெர்ஸ் என்று எழுதியது, சாண்ட்பாக்ஸுக்கு சாஃப்ட்பேங்க் தலைமையில் 93 மில்லியன் டாலர் வந்தது. துறைக்கு இதைவிட நல்ல மாதம் இருக்க முடியாது. அந்த மாதத்தில் துறையின் தலைவர் 155-இலிருந்து 165-க்குத்தான் வந்தார். ஆறு சதவீதம்.

இப்போது அதையே பிட்காயினால் வகுத்துப் பாருங்கள். அக்டோபர் 4 அன்று பிட்காயின் சுமார் 49,000. 155-ஐ 49,000-ஆல் வகுத்தால் 0.00316. நவம்பர் 6 அன்று பிட்காயின் சுமார் 61,000. 165-ஐ அதனால் வகுத்தால் 0.00270. டாலர் சார்ட்டில் புது உச்சம், பிட்காயின் சார்ட்டில் 14 சதவீதம் தாழ்ந்த உச்சம். ஒரு மாதமாக AXS வைத்திருந்தவரைவிட சும்மா பிட்காயின் வைத்திருந்தவருக்கே லாபம் அதிகம். SAND உச்சத்துக்கு 19 நாள் முன்பே இது கண்ணுக்குத் தெரிந்தது.

டாமினன்ஸ் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நெய்தல் · ஜூன் 4, காலை 7.20

சேர்க்க மறந்தது. AXS-க்கும் முன்பே விழுந்தது ஒன்று உண்டு. அந்த விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் காயினான SLP. அதன் உச்சம் 2021 ஜூலை 13, ஏறக்குறைய 40 சென்ட். AXS நவம்பரில் 165 டாலரைத் தொட்டபோது SLP 10 சென்டுக்கும் கீழே. நான்கு மாதமாக அடித்தளம் இறங்கிக்கொண்டிருந்தது, மாடி ஏறிக்கொண்டிருந்தது.

பரிதி · ஜூன் 4, மதியம் 1.05

பிட்காயினால் வகுப்பது புரிகிறது, அதை நான் செய்து பார்த்ததே இல்லை. ஆனால் SLP விழுந்ததற்குக் காரணம் வேறு. பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கானவர்கள் விளையாடி, கிடைத்த SLP-ஐ அன்றன்றே விற்றுப் பெசோவாக்கிக் குடும்பச் செலவுக்கு எடுத்தார்கள். தினசரி விற்பனை அழுத்தம். இதில் துறை பலவீனமானது என்று எங்கே தெரிகிறது? விளையாடுபவர் கூடினால் விற்பனையும் கூடும், அவ்வளவுதானே.

நெய்தல் · ஜூன் 4, இரவு 8.45

பாதி சரி. விற்பனை உண்மை. ஆனால் அவர்கள் ஜூனிலும் விற்றார்கள், அப்போது விலை ஏறியது. மாறியது வாங்கும் பக்கம்.

SLP-ஐ யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். அதற்கு இருந்த பெரிய பயன் ஒன்றுதான்: ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்ய SLP கொடுக்க வேண்டும், கொடுத்தது எரிந்துவிடும். புது ஆக்ஸி யாருக்குத் தேவை? பெரும்பாலும் புதிதாக வருபவருக்கு. விளையாடத் தொடங்க மூன்று ஆக்ஸி வேண்டும். ஆக, SLP-இன் தேவை என்பது சுற்றி வளைத்துப் பார்த்தால் புது ஆட்களின் வரத்து.

ஒரு கணக்குப் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 1,000 பேர் விளையாடுகிறார்கள், ஒருவருக்கு நாளைக்கு 100 SLP. மொத்தம் ஒரு லட்சம் SLP தினமும் புதிதாகப் பிறக்கிறது. ஒரு இனப்பெருக்கத்துக்குச் சராசரியாக 600 SLP எரிகிறது என்று வைத்தால், பிறந்ததை எல்லாம் எரிக்க நாளைக்கு 167 குட்டிகள் வேண்டும். அந்தக் குட்டிகளை வாங்க, ஆளுக்கு மூன்று வீதம், 55 புது ஆட்கள் வேண்டும். அதாவது தினமும் ஐந்தரை சதவீத வளர்ச்சி. அந்த வேகத்தில் போனால் 13 நாளுக்கு ஒருமுறை ஆட்கள் இரட்டிப்பாக வேண்டும். அதுவும் விலை ஏற அல்ல, இருக்கிற இடத்தில் நிற்க மட்டும்.

ஆட்கள் கூடிக்கொண்டே இருந்தாலும், கூடும் வேகம் குறைந்த அன்றே SLP உடைந்துவிடும். ஜூலை நடுவில் நடந்தது அதுதான். அதனால்தான் விளையாடுபவர் எண்ணிக்கை புது உச்சம் தொட்ட மாதங்களிலும் SLP இறங்கியது. "தினசரி ஆட்கள் இவ்வளவு" என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தவர்கள் இதைப் பார்க்கவே இல்லை. 2022 பிப்ரவரியில் அட்வென்ச்சர் முறையில் SLP தருவதையே நிறுத்தினார்கள். நோய் உற்பத்திப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

எந்தக் கேமிங் காயினிலும் இரண்டு டோக்கன் இருந்தால், உள்ளே சம்பாதிக்கும் டோக்கனை முதலில் பாருங்கள். பெயருக்குப் பெரிதாக இருக்கும் கவர்னன்ஸ் டோக்கன் கதையில் ஓடும். உள் டோக்கன் கல்லாப்பெட்டியில் ஓடும்.

வெண்ணிலா · ஜூன் 4, இரவு 11.10

நெய்தல், கணக்கு அழகு. ஆனால் ஒரு இடறல். ஒருவர் மூன்று ஆக்ஸியோடு நிற்கவில்லை. கூடுதலாக வைத்திருந்தால் கூடுதல் எனர்ஜி, அதனால் பழைய ஆட்களும் வாங்கினார்கள். பிறருக்கு ஆக்ஸி கொடுத்து விளையாட வைத்து ஸ்காலர்ஷிப் நடத்தியவர்கள் நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். உங்கள் ஐந்தரை சதவீதம் உண்மையில் அதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

பெரிய இடறல் இன்னொன்று. உச்சங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்:

SLP ஜூலை 13. AXS நவம்பர் 6. பிட்காயின், எத்தேரியம் இரண்டும் நவம்பர் 10. SAND, MANA இரண்டும் நவம்பர் 25. GALA நவம்பர் 26.

ஜூலையிலேயே SLP "லேட்" என்று சொன்னது. அதை நம்பி வெளியே போனவர் AXS-இன் பெரும்பகுதியையும் SAND-இன் முழு ஓட்டத்தையும் விட்டிருப்பார். நவம்பர் 6-இல் AXS-ஐப் பார்த்து விலகியவர்கூட, இரண்டரை, மூன்று டாலர் வாக்கில் இருந்த SAND 8.40 போனதை வெளியே நின்று பார்த்திருப்பார். நான்கு மாதம் முன்னால் அடிக்கும் மணியை எதற்கு வைத்துக்கொள்வது?

நெய்தல் · ஜூன் 5, காலை 6.30

வெண்ணிலா சொல்வதை மறுக்க முடியாது. ஸ்காலர்ஷிப் பற்றிய திருத்தம் சரி, அந்த ஐந்தரையை அடித்துவிட்டுத் "தாக்குப்பிடிக்க முடியாத வேகம்" என்று மட்டும் படியுங்கள்.

இரண்டாவது இடறலை இரவு முழுக்க யோசித்தேன். நான் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டேன். SLP சொன்னது, இந்தத் துறையை நீண்ட காலம் வைத்திருக்கக் காரணம் இல்லை என்பது. அது நேரம் சொல்லாது. AXS-பிட்காயின் விகிதம் சொன்னது, தலைவரிடம் புதுப் பணம் வரவில்லை, இனி வருவது பின்வரிசைக்குத் தாவும் பணம் என்பது. இது நேரத்துக்கு அருகில் வருகிறது, ஆனால் இதுவும் "இன்று முடிந்தது" என்று சொல்லாது.

பின்வரிசை ஓடும் காலம்தான் சதவீதக் கணக்கில் மிகப் பெரியது. மார்க்கெட் கேப் சிறிதாக உள்ள காயினுக்கு மடங்கு ஏற அதிகப் பணம் தேவையில்லை. அதனால் "லேட்" என்றால் "லாபம் இல்லை" என்று அர்த்தம் இல்லை. இனி நுழைந்தால் அளவு சிறிதாக இருக்க வேண்டும், வெளியே போகும் விலை நுழையும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், இறங்கும்போது மேலும் வாங்கிச் சராசரி குறைக்கக் கூடாது என்று அர்த்தம். தொடக்கக் கட்டத்தில் 30 சதவீத இறக்கம் வாங்கும் இடம். கடைசிக் கட்டத்தில் அதே 30 சதவீதம் கதவு மூடும் சத்தம்.

SAND-க்கு ஒரு தேதியும் இருந்தது. அதன் ஆல்ஃபா சீசன் நவம்பர் 29-க்கு அறிவிக்கப்பட்டிருந்தது. விலை உச்சம் நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. துறையின் கடைசி நல்ல செய்திக்கு நாள் குறித்திருந்தால், அந்த நாள்வரை காத்திருக்காதீர்கள்.

பரிதி · ஜூன் 5, காலை 10.20

இதை நானே செய்து பார்க்க வேண்டும் என்றால் எப்படிச் செய்வது? ஒவ்வொரு காயினுக்கும் கால்குலேட்டரா?

நெய்தல் · ஜூன் 5, மாலை 5.55

டிரேடிங்வியூவில் சிம்பல் பெட்டியில் வகுத்தல் குறியோடு அப்படியே தட்டலாம்:

```
BINANCE:AXSUSDT/BINANCE:BTCUSDT
```

துறை முழுவதற்கும் என்றால் ஷீட்டில் போடுங்கள். முதல் பத்தியில் தேதி, B, C, D, E பத்திகளில் நான்கு காயின்களின் தினசரி மூடும் விலை, F-இல் பிட்காயின். இரண்டாவது வரி தொடக்க நாள். G3-இல் இது:

```
=AVERAGE(B3/B$2,C3/C$2,D3/D$2,E3/E$2)/(F3/F$2)*100
```

100-க்கு மேல் ஏறினால் கூடை பிட்காயினை முந்துகிறது. இந்தக் கோட்டின் பக்கத்திலேயே தலைவரின் தனி விகிதத்தையும் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால், அதிலும் தலைவர் முன்னால் போனால், தொடக்கம் அல்லது நடு. கூடை புது உச்சம், தலைவர் தாழ்ந்த உச்சம் என்றால் கடைசி.

இதில் கெடுப்பவை இரண்டு. கூடையை நடுவில் மாற்றாதீர்கள். ஓடிய காயினைப் பிறகு சேர்த்தால் கோடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நாள் ஒன்றில் வைத்த பட்டியல், செத்த காயினோடு சேர்த்து, கடைசிவரை அதேதான். இரண்டாவது, ஊசிபோல் ஏறி இறங்கும் உச்சங்களை எடுக்காதீர்கள். MANA 2021 அக்டோபர் கடைசியில் நான்கு டாலரைத் தொட்டுவிட்டு உடனே இறங்கியது. அந்த ஊசியைத் தலைவரின் உச்சமாக எடுத்திருந்தால் நவம்பர் முழுக்கத் தவறாகப் படித்திருப்பீர்கள். மூடும் விலைதான் கணக்கு. நான் நேற்று 155, 165 என்று போட்டவையும் நாளின் நடுவில் தொட்ட உச்சங்கள்தான், அதையும் மூடும் விலையில் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

கல்தச்சன் · ஜூன் 5, இரவு 9.00

எல்லாம் சரி. ஆனால் ஆக்ஸி விழுந்தது அது ஓடிய ரோனின் செயினில் நடந்த ஹேக்கால்தானே? 60 கோடி டாலருக்கு மேல் போனது. அது நடக்காமல் இருந்திருந்தால் இந்த விகிதம் எதுவும் பேசப்பட்டிருக்காது.

வெண்ணிலா · ஜூன் 5, இரவு 9.12

ஹேக் நடந்தது 2022 மார்ச் 23, வெளியே தெரிந்தது 29. அதற்கு முன்பே AXS தன் உச்சத்தின் பாதிக்கும் கீழே, SLP பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. விழுந்து கிடந்த வீட்டில் நடந்த திருட்டு அது.

கல்தச்சன் · ஜூன் 5, இரவு 9.30

தேதி சரிதான். ஏற்கிறேன். ஆனால் ஹாவிங்கை விட மாட்டேன்.

பரிதி · ஜூன் 6, காலை 8.15

இன்ஃப்ராஸ்ட்ரக்சர் காயின்களுக்கு வருவோம். அங்கே விளையாட்டு இல்லை, உள் டோக்கன் இல்லை. நான் பார்ப்பது தரவுத் தளங்களில் உள்ள துறை வாரியான மார்க்கெட் கேப். அது ஏறினால் பணம் உள்ளே வருகிறது, இறங்கினால் போகிறது. நேரடியாக இருக்கிறதே?

வெண்ணிலா · ஜூன் 6, காலை 9.40

அதில்தான் இன்ஃப்ரா காயின்கள் ஆளை ஏமாற்றும். செலஸ்டியாவை வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

அதன் காயினான TIA 2023 அக்டோபர் 31 அன்று வந்தது. மொத்தம் நூறு கோடி டோக்கன், ஆனால் தொடக்கத்தில் புழக்கத்தில் விட்டது 14 கோடி அளவு மட்டும். இரண்டு டாலர் சொச்சத்தில் தொடங்கி 2024 பிப்ரவரி 10 வாக்கில் 20 டாலருக்குப் போனது. அப்போது புழக்கம் 16 கோடி அளவு என்று வையுங்கள், மார்க்கெட் கேப் 320 கோடி டாலர். பட்டியலாகிச் சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 அக்டோபர் 31 வாக்கில், முதலீட்டாளர்களுக்கும் குழுவுக்கும் பூட்டி வைத்திருந்ததில் ஏறக்குறைய 17.5 கோடி டோக்கன் ஒரே அடியாகத் திறந்தது. புழக்கம் 40 கோடி அளவானது. விலை ஐந்து டாலர் வாக்கில். மார்க்கெட் கேப் 200 கோடி.

விலை நான்கில் ஒன்று. மார்க்கெட் கேப் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. துறை வாரியான சார்ட்டைப் பார்த்தவருக்கு "கொஞ்சம் இறங்கியிருக்கிறது, துறை உயிரோடுதான் இருக்கிறது" என்று தோன்றும். காயின் வைத்திருந்தவர் முக்கால் பங்கை இழந்திருப்பார். போதாததற்கு, புதிதாகப் பட்டியலாகும் ஒவ்வொரு காயினும் தன் கேப்பை அந்தத் துறையோடு கூட்டும். யாரும் புதுப் பணம் போடாமலே கோடு ஏறும்.

எனவே நெய்தல் சொன்ன விலைக் கூடைதான் இங்கேயும். கூடவே பூட்டு திறக்கும் தேதிகளும். அடுத்த 90 நாளில் திறப்பது இப்போதைய புழக்கத்தில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு காயினுக்கும் எழுதிக்கொள்வேன். TIA-வுக்கு அது 80 சதவீதத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட காயினைத் துறையின் தலைவராக வைத்தால், தலைவரின் பலவீனம் துறையைப் பற்றியதா, பூட்டைப் பற்றியதா என்று பிரிக்கவே முடியாது.

நெய்தல் · ஜூன் 6, இரவு 7.30

வெண்ணிலாவின் கடைசி வரியால் என் முறைக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது. 2021-இல் AXS-ஐத் தெர்மாமீட்டராக வைக்க முடிந்தது. 2024 இன்ஃப்ராவில் தலைவரே பூட்டுக்குள் இருந்தார். இப்படிப்பட்ட துறையில் பெரிய அளவு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பழைய காயினை ஒப்பீட்டுக்கு வைப்பேன், வேகமாக ஓடியதை அல்ல.

ஃபண்டிங் ரேட்டும் இங்கே தலைகீழாகப் பேசும். வழக்கமான பர்ப்பெச்சுவலில் எட்டு மணி நேரத்துக்கு 0.01 சதவீதம் என்பது சாதாரண நிலை. அது 0.1-க்குப் போய் நாள் கணக்கில் அங்கேயே நின்றால், லாங் வைத்திருப்பவர் தினமும் 0.3 சதவீதம், மாதத்துக்கு 9 சதவீதம் கட்டுகிறார். அந்தச் செலவில் காத்திருப்பவர்கள் பொறுமையானவர்கள் இல்லை, அது கடைசிக் கட்டக் கூட்டம். இதுவரை சரி. ஆனால் பூட்டு உள்ள காயினில் ஃபண்டிங் மைனஸில் இருந்தால் "எல்லாரும் ஷார்ட், ஸ்க்வீஸ் வரும்" என்று வாங்கப் போகாதீர்கள். பூட்டிய டோக்கனை வைத்திருப்பவர் இன்றைய விலையைப் பிடித்துக்கொள்ள ஷார்ட் போட்டிருக்கலாம். திறக்கும் நாளில் கையில் டோக்கன் வந்துவிடும். அவரைப் பயமுறுத்தி மூட வைக்க முடியாது.

பரிதி · ஜூன் 6, இரவு 9.05

புதுக் காயின் பட்டியலாவது கடைசிக் கட்ட அறிகுறி என்று ஒரு விதி படித்தேன். நெய்தல், நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

நெய்தல் · ஜூன் 6, இரவு 9.50

நினைத்தேன், வெண்ணிலாவின் TIA கணக்கைப் பார்த்ததும் திருத்திக்கொள்கிறேன். TIA பட்டியலானதுதான் அந்தத் துறை ஓட்டத்தின் தொடக்கம். ஒரு புதுக் காயின் வருவது ஒன்றும் சொல்லாது. ஒரே துறையில் வாரத்துக்கு ஒன்றாக வருவதுதான் சொல்லும். கேமிங்கில் 2024-ஐப் பாருங்கள். ஜனவரியில் XAI, பிப்ரவரியில் RONIN, PIXEL, மாதக் கடைசியில் PORTAL, எல்லாம் பைனான்ஸில். மார்ச் 14 பிட்காயினின் அப்போதைய உச்சம். வாங்க வரும் பணம் ஒன்றுதான், அதைப் பங்குபோட நான்கு புது இலை. இருந்த காயின்கள் பிட்காயினிடம் தோற்றதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

சந்தைக்கடை · ஜூன் 7, காலை 11.00

இந்த இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை, என் நிலைமை இதுதான். போன நிதியாண்டில் கேமிங்கிலிருந்து இன்ஃப்ராவுக்கு மாறினேன். கேமிங்கில் ஒரு லட்சம் லாபம். இன்ஃப்ராவில் 80,000 நட்டம், அதையும் விற்றுவிட்டேன். கையில் நிற்பது 20,000. ஆடிட்டர் 31,200 கட்டச் சொல்கிறார். தப்பாகச் சொல்கிறாரா?

வெண்ணிலா · ஜூன் 7, காலை 11.25

சரியாகத்தான் சொல்கிறார். 115BBH பிரிவில் லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினின் நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க விடாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 30,000 கூட்டல் 1,200. ரூபாய்க்கு வராமல் காயினுக்குக் காயின் நேராக மாற்றினாலும் அது விற்பனைதான். ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீத டிடிஎஸ் வேறு பிடிக்கப்படும். அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ்ஸை 31,200-இல் கழித்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

இந்தியாவில் வரி கட்டுபவர் ரொட்டேஷன் செய்தால் இரண்டு துறையிலும் சரியாக இருக்க வேண்டும். ஒன்றில் சரி, இன்னொன்றில் தவறு என்றால் உங்கள் கணக்குத்தான் விடை.

சந்தைக்கடை · ஜூன் 7, மதியம் 12.10

டிடிஎஸ் கழிக்கவில்லை. கேட்கிறேன். நன்றி.

நெய்தல் · ஜூன் 7, இரவு 8.20

இது பொருந்தாதது இல்லை சார், கடைசிக் கட்டத்தில் நுழைவதன் விலையையே மாற்றுகிறது. முன்னே "அளவு சிறிதாக" என்று எழுதினேன். இந்த வரிக்கு உட்பட்டவர் பின்வரிசைக் காயினில் மூன்று தடவை சிறிதாக நுழைந்து, இரண்டில் நட்டம், ஒன்றில் லாபம் என்று வெளியே வந்தால், அந்த ஒரு லாபத்துக்கு முழு வரி, இரண்டு நட்டத்துக்குச் சலுகை இல்லை. என் முறை அவருக்கு அப்படியே ஒத்துவராது. கடைசிக் கட்டம் என்று தெரிந்தால் தொடாமல் இருப்பதே அவருக்குச் சரியான கணக்காக இருக்கலாம்.

பரிதி · ஜூன் 8, காலை 7.45

ஷீட் போட்டுவிட்டேன். AXS, SAND, MANA, GALA நான்கும், தொடக்க நாள் 2021 அக்டோபர் 1. கூடைக் கோடு நவம்பர் கடைசியில் உச்சம், AXS விகிதம் அக்டோபர் தொடக்கத்தின் உச்சத்தைத் திரும்பத் தொடவே இல்லை. மூடும் விலையிலும் அதே படம்தான்.

என் முதல் பதிவின் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மடங்கை வைத்துச் சொல்ல முடியாது என்பது நிற்கிறது. "பிட்காயின் புது உச்சம் என்றால் தொடக்கம்" என்பது விழுந்துவிட்டது. நவம்பர் 10 அன்று பிட்காயின் புது உச்சத்தில்தான் இருந்தது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. SAND பிட்காயினுக்கு 15 நாள் பின்னால் உச்சம் தொட்டது. TIA பிட்காயினுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தொட்டுவிட்டது. இன்ஃப்ரா முதலில், கேமிங் கடைசியில் என்ற வரிசையை நம்பலாமா?

நெய்தல் · ஜூன் 8, இரவு 9.30

இரண்டு நிகழ்வை வைத்து வரிசை சொல்ல மாட்டேன். 2021-இலேயே SOL அதற்குப் பொருந்தாது. இன்ஃப்ரா காயின்தான், ஆகஸ்டிலேயே வேகமாக ஓடியது, ஆனால் உச்சம் தொட்டது AXS தொட்ட அதே நவம்பர் 6. கேமிங் கடைசியில் வருவதற்கு ஒரு நியாயம் உண்டு: வெளியாட்களுக்குச் சொல்ல எளிதான கதை அது, வெளியாட்கள் கடைசியில்தான் வருகிறார்கள். ஆனால் 2024-இல் அந்த வெளியாட்கள் கேமிங்குக்கு வரவில்லை. நாட்காயின், ஹாம்ஸ்டர் காம்பாட் என்று டெலிகிராமில் தட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே டோக்கன் இலவசமாகக் கிடைத்தது, வாங்க வேண்டியதே இல்லை.

டாமினன்ஸ் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. 2021 நவம்பரில் அது தாழ்ந்துதான் இருந்தது, ஆனாலும் அது கடைசி. அதற்கு மேல் அதிலிருந்து எதையும் என்னால் எடுக்க முடியவில்லை.

கல்தச்சன் · ஜூன் 8, இரவு 10.05

எனக்கும் அந்த ஷீட்டை அனுப்பு தம்பி. நான் தொடக்க நாளை 2020 மே மாதம் போட்டுப் பார்க்கிறேன்.

பரிதி · ஜூன் 8, இரவு 10.20

அனுப்புகிறேன் அண்ணே. AXS 2020 நவம்பரில்தான் வந்தது, அதற்கு முன் அந்தப் பத்தி காலியாக இருக்கும். தொடக்க வரியை அதற்குப் பிறகு வையுங்கள், இல்லையென்றால் வகுத்தல் பிழை காட்டும்.